பதின்மூன்று பக்கம், ஒரே ஒரு பத்தி

திரைப்பட ஆய்வு, காட்சித் தொடர்பியல், பெண்ணியம் என்று எந்த வாசல் வழியாக உள்ளே போனாலும் மாணவர் கைக்கு ஒரு கட்டுரை வந்து சேர்ந்துவிடுகிறது. லாரா மல்வி எழுதிய ‘காட்சி இன்பமும் கதைசொல்லும் சினிமாவும்’. லண்டனிலிருந்து வந்த ‘ஸ்கிரீன்’ ஆய்விதழின் 1975 இலையுதிர்கால இதழில் 6ஆம் பக்கத்தில் தொடங்கி 18இல் முடிகிறது. பதின்மூன்றே பக்கம். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்காருகிறவர், இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் ஃபிராய்டிலும் லக்கானிலும் சிக்கிக்கொண்டு, அங்கேயே பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்.

இதோடு ஒரு வேலையும் சேர்ந்து வரும். ‘இதற்கு ஒரு அனொட்டேட்டட் பிப்ளியோகிராஃபி பதிவு எழுதிக்கொண்டு வா’ என்பார் நெறியாளர். தமிழில் குறிப்புரை நூற்பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வேட்டின் கடைசியில் வருகிற சாதாரண நூற்பட்டியலில் ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பக்கம் இருந்தால் போதும். குறிப்புரைப் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் கட்டுரைக்கும் கீழே ஒரு பத்தி வேண்டும். இந்தக் கட்டுரை என்ன வாதிடுகிறது, எதை வைத்து வாதிடுகிறது, அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கிறது, என் ஆய்வுக்கு இது எதற்கு என்ற நான்கும் அந்தப் பத்திக்குள் அடங்கவேண்டும். வழக்கமான அளவு நூற்றைம்பது, இருநூறு சொல்.

ஆய்விதழ்களில் கட்டுரையின் தலைமாட்டில் அச்சாகும் சுருக்கத்தோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தச் சுருக்கம் கட்டுரையாசிரியர் தன் சரக்கைத் தானே அறிமுகப்படுத்துவது. குறிப்புரை, படித்தவர் தன் பொறுப்பில் எழுதுவது. அதில் வருகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

மல்வியின் கட்டுரையை எப்படிப் படிப்பது? என் யோசனை, முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள் என்பதுதான். கட்டுரை நான்கு பகுதியாகப் பிரிந்திருக்கிறது. முதல் பகுதி, உளப்பகுப்பாய்வை ஓர் அரசியல் கருவியாகத் தான் ஏன் எடுக்கிறேன் என்று சொல்கிறது. இரண்டாவது, பார்ப்பதில் கிடைக்கும் இன்பம் பற்றியது. மூன்றாவது, திரையில் பெண் காட்சியாகவும் ஆண் பார்வைக்குச் சொந்தக்காரனாகவும் அமைவது பற்றியது. நான்காவது ஒரு சிறிய தொகுப்பு. இந்த நான்கில் சினிமா சினிமாவாக வருவது மூன்றாவதில்தான். மர்லீன் டீட்ரிச், மர்லின் மன்றோ, ஹிட்ச்காக் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். முதலில் கடைசிப் பக்கத்துத் தொகுப்பைப் படித்து, கட்டுரை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு மூன்றாம் பகுதிக்குப் போங்கள். அதற்கப்புறம் முதலிரண்டு பகுதிக்குத் திரும்பி வந்தால், அங்கிருக்கும் ஃபிராய்டு எதற்காக அழைத்து வரப்பட்டார் என்பது தெரிந்திருக்கும். எதற்கு வந்தார் என்று தெரியாமல் ஃபிராய்டை வாசிப்பதுதான் கொடுமை.

மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் ஓர் இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மல்வி சொல்வது சுமாராக இது: வெகுசனப் படத்தில் பெண் பார்க்கப்படுவதற்கென்றே அமைக்கப்படுகிறாள். அவள் இல்லாமல் கண்ணுக்கு விருந்து இல்லை. ஆனால் அவள் திரையில் வந்து நின்றதும் கதை நின்றுவிடுகிறது. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதை எப்படி நகரும்? இது படம் எடுக்கிறவனுக்கு ஒரு சிக்கல். அதற்கு ஹாலிவுட் கண்டுபிடித்த ஒரு தந்திரம், அவளை மேடையில் ஆடிப்பாடும் பெண்ணாகவே கதைக்குள் வைத்துவிடுவது. கதையிலுள்ள ஆண்கள் அவளைப் பார்க்கிறார்கள், கொட்டகையில் இருப்பவரும் பார்க்கிறார். இரண்டு பார்வையும் ஒன்றாகிவிடுவதால் கதை அறுந்ததாகவே தெரிவதில்லை. ‘ரிவர் ஆஃப் நோ ரிட்டர்ன்’ படத்தில் மர்லின் மன்றோவின் முதல் தோற்றத்தையும், ‘டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்’ படத்தில் லாரன் பகாலின் பாட்டுகளையும் இங்கே மல்வி தொட்டுக்காட்டுகிறார்.

கோட்பாட்டுக் கட்டுரையின் ஒரு பத்தியைப் படித்து முடித்ததும் ஓரத்தில் குறிக்கவேண்டியது அதன் பொருளை அல்ல, அதன் வேலையை. மேலே சொன்ன இடத்துக்கு எதிரே ‘பெண்ணைக் காட்சிப்பொருளாக்குவது பற்றி’ என்று எழுதினால் அது பொருள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கட்டுரை முழுவதற்கும் அதே குறிப்பைத்தான் எழுதியிருப்பீர்கள். ‘காட்சி கதையை நிறுத்துகிறது, பாடகி பாத்திரம் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது’ என்று எழுதினால் அது வேலை. இப்படி வேலையைக் குறித்துக்கொண்டே போனால் கட்டுரைத் தலைப்பில் காட்சி இன்பம், கதைசொல்லல் என்று இரண்டு பொருள் ஏன் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்பதும் பிடிபடும். அவை இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன, அந்த மல்லுக்கட்டைப் படம் எப்படிச் சமாளிக்கிறது என்பதே கட்டுரையின் முதுகெலும்பு.

ஓரக்குறிப்பில் இன்னொன்றும் வேண்டும்: பேசுவது யார்? கோட்பாட்டுக் கட்டுரையில் அடுத்தவர் கருத்தும் ஆசிரியர் கருத்தும் ஒரே தொனியில், அடுத்தடுத்த வாக்கியத்தில் வரும். குழந்தை ஏறத்தாழ ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு மகிழ்கிறது, தன்னால் இயல்வதைவிட முழுமையானதாக அந்த உருவத்தை நினைத்துக்கொள்கிறது என்பது லக்கானுடைய கருத்து. திரையும் அப்படி ஒரு கண்ணாடியாக இருக்கிறது, நாயகனில் பார்வையாளர் தன்னைவிட மேலான ‘தன்னை’க் காண்கிறார் என்பது மல்வி அதை வைத்துச் செய்வது. பக்க ஓரத்தில் ‘லக்’, ‘ஃபி’, ‘மல்’ என்று மூன்று சுருக்கெழுத்து போட்டுக்கொண்டால் போதும். இந்தப் பிரிவினை இல்லாமல் எழுதப்பட்ட குறிப்புரைகளில் ‘மல்வி கண்ணாடிப் பருவக் கோட்பாட்டை முன்வைக்கிறார்’ என்ற வாக்கியம் தவறாமல் வந்துவிடும். அந்த ஒரு வாக்கியம் போதும், எழுதியவர் எந்த வேகத்தில் படித்தார் என்று நெறியாளருக்குத் தெரிந்துவிடும்.

இப்படி இரண்டு முறை படித்தால் வாதத்தின் சங்கிலி தெளிவாகக் கிடைக்கும். சினிமா தரும் இன்பம் இரண்டு வகை. ஒன்று, இன்னொருவரைத் தூர இருந்து பார்க்கும் இன்பம். அதற்கு இடைவெளி வேண்டும். மற்றது, திரையில் இருப்பவரோடு தன்னை இனங்கண்டு ஒன்றிப்போகும் இன்பம். அதற்கு இடைவெளி இருக்கக்கூடாது. இந்த முரணை ஹாலிவுட் பால் அடிப்படையில் பங்கிட்டுத் தீர்த்துக்கொள்கிறது. பார்க்கப்படுவது பெண், ஒன்றிப்போவது கதையை நகர்த்தும் ஆணோடு. அவன் கண் வழியாகப் பார்வையாளரும் அவளைப் பார்க்கிறார், அவளை அடைகிறார்.

இதோடு கட்டுரை முடிந்திருந்தால் எளிது. மூன்றாம் பகுதியின் பிற்பாதியில் மல்வி இன்னொரு படி போகிறார். ஃபிராய்டின் கணக்கில், பெண்ணுடல் ஆணுக்கு இன்பத்தோடு ஓர் அச்சத்தையும் தருகிறது. தன் குறியை இழந்துவிடுவோமோ என்ற, நனவிலியில் கிடக்கும் அச்சம். இதைக் கேட்டதும் பலருக்குக் கசக்கும். கசந்தாலும் தாண்டிப் போகமுடியாது, ஏனென்றால் அடுத்த கட்டம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. அந்த அச்சத்திலிருந்து தப்பப் படங்கள் இரண்டு வழி வைத்திருக்கின்றன என்கிறார் மல்வி. ஒன்று, அவளைத் துருவி ஆராய்ந்து, அவள் மேல் குற்றம் கண்டு, தண்டிப்பது அல்லது காப்பாற்றுவது. இதற்குக் கதை வேண்டும். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’, ‘மார்னி’ போன்றவை எடுத்துக்காட்டு. மற்றது, அவள் உருவத்தை அச்சமே எழாதபடி வழிபாட்டுப் பொருளாக மெருகேற்றிவிடுவது. இதற்குக் கதைகூடத் தேவையில்லை. ஸ்டெர்ன்பர்க் எடுத்த டீட்ரிச் படங்கள் எடுத்துக்காட்டு. கடைசியில் மல்வி மூன்று பார்வைகளைப் பிரிக்கிறார்: படமெடுக்கும் கேமராவின் பார்வை, படத்தைப் பார்க்கும் பார்வையாளரின் பார்வை, படத்துக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. கதைப்படம் முதலிரண்டையும் மூன்றாவதற்குள் ஒளித்துவைக்கிறது. அதை உடைத்து, கேமராவும் பார்வையாளரும் இருப்பதை வெளியே தெரியவைக்கும் படங்கள் வேண்டும் என்பது முடிவு. சொன்னதோடு நிற்காமல், பீட்டர் வோலனோடு சேர்ந்து 1977இல் ‘ரிடில்ஸ் ஆஃப் தி ஸ்பிங்ஸ்’ என்ற படத்தை அவரே எடுத்தார். அதில் கேமரா ஓர் இடத்தில் நின்றபடி மெல்ல முழு வட்டம் சுற்றிவரும் காட்சிகள் உண்டு. யார் கண்ணின் வழியாகவும் அது பார்ப்பதில்லை.

இனி எழுதுவது. பெரும்பாலான முதல் வரைவுகள் இப்படித் தொடங்கும்: ‘இந்தக் கட்டுரை சினிமாவில் பெண்கள் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறார்கள் என்பதை விவாதிக்கிறது. உளப்பகுப்பாய்வு நோக்கில் பல கருத்துகள் ஆராயப்படுகின்றன. ஹிட்ச்காக் படங்களும் எடுத்துக்காட்டாகத் தரப்படுகின்றன.’ மூன்று வாக்கியத்திலும் பொய் இல்லை. ஆனால் கட்டுரையைத் திறக்காமலே, தலைப்பையும் யாரோ சொன்ன இரண்டு வரியையும் வைத்து இதை எழுதிவிடலாம். ‘விவாதிக்கிறது’, ‘ஆராய்கிறது’, ‘பேசுகிறது’ என்ற வினைகள் வந்தாலே எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அவற்றுக்குப் பின்னால் ஒரு தலைப்பு மட்டும் நிற்கும், கூற்று நிற்காது. ‘வாதிடுகிறார்’ என்று போட்டுப் பாருங்கள். அடுத்து ‘என்று’ வந்தாக வேண்டும், அந்த ‘என்று’க்கு முன்னால் முழு வாக்கியம் ஒன்று நின்றாக வேண்டும். இந்தச் சின்ன இலக்கண நெருக்கடியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

சுருக்கத்தில் எதை விடுவது என்பதும் ஒரு தீர்ப்புதான். மல்வி குறிப்பிடும் எல்லாப் படங்களின் பெயரையும் அடுக்கத் தேவையில்லை. குறியிழப்பு அச்சத்தை விட்டுவிட முடியாது. அதை விட்டால் ஹிட்ச்காக்கும் ஸ்டெர்ன்பர்க்கும் ஏன் எதிரெதிராக நிறுத்தப்படுகிறார்கள் என்பதே புரியாது. சங்கடமாக இருக்கிறது என்பதற்காக அதை நைசாகக் கழற்றிவிட்டு ‘ஆண் பார்வை’ என்ற ஒரே சொல்லில் கட்டுரையை அடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கையில் மிஞ்சுவது மல்வியின் கட்டுரை அல்ல, அதைப் பற்றி ஊரில் உலவும் பேச்சு.

மதிப்பீட்டுக்கு வருவோம். இங்கேதான் அதிகம் வழுக்குகிறது.

முதலில், கட்டுரையாசிரியர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்ட எதிர்வாதத்தை மதிப்பீடு என்று எழுதக்கூடாது. ‘ஃபிராய்டே ஆணாதிக்கச் சார்புள்ளவர், அவரை வைத்துப் பெண்ணியம் பேசலாமா?’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. மல்வி முதல் பக்கத்திலேயே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். ஆணாதிக்கச் சமூகத்தின் நனவிலி எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கருவியாகவே உளப்பகுப்பாய்வை எடுத்துக்கொள்கிறேன் என்பது அவர் நிலை. அந்தக் கருவி போதுமா என்று கேட்கலாம். அவர் கவனிக்கவில்லை என்று சொல்லமுடியாது. ‘இப்படி அலசினால் படம் பார்க்கும் சந்தோஷமே போய்விடும்’ என்பதும் அப்படித்தான். அந்தச் சந்தோஷத்தைக் கலைப்பதுதான் என் நோக்கம் என்று அவரே அறிவித்துவிட்டுத்தான் தொடங்குகிறார்.

இதைவிட நுட்பமான ஓர் இடம் உண்டு. கட்டுரை முழுக்கப் பார்வையாளர் ‘அவன்’தான். பெண்களும்தானே படம் பார்த்தார்கள், அவர்களை மறந்துவிட்டாரே என்று கேட்கத் தோன்றும். 1981இல் ‘டூயல் இன் தி சன்’ படத்தை முன்வைத்து எழுதிய பின்யோசனைக் கட்டுரையில் மல்வி இதற்கு விளக்கம் தருகிறார். தான் பேசியது கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் ஆணையோ பெண்ணையோ பற்றியதல்ல, உட்காருகிறவர் யாராக இருந்தாலும் படம் அவருக்கு ஒதுக்கித் தரும் ஆண் இருக்கையைப் பற்றியது என்கிறார். ஆகவே, ‘எங்கள் அத்தை அப்படிப் பார்க்கவில்லை’ என்பது இந்தக் கட்டுரைக்கு மறுப்பாகாது. அந்த இருக்கையில் எல்லோராலும் உட்காரமுடியுமா என்பது மறுப்பாகும். பெல் ஹூக்ஸ் 1992இல் ‘பிளாக் லுக்ஸ்’ தொகுப்பில் எழுதிய, எதிர்ப்புப் பார்வை பற்றிய கட்டுரை அதைத்தான் கேட்டது. திரையில் மெருகேற்றி வைக்கப்படும் பெண் வெள்ளைக்காரி. ஆகவே கறுப்பினப் பெண் அந்த உருவத்தோடும் ஒன்றமுடியாது, அதைப் பார்க்கும் ஆணோடும் ஒன்றமுடியாது. இரண்டுக்கும் வெளியே நின்று விமர்சித்துப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு இருக்கிறது என்று அவர் வாதிட்டார். மல்வியின் ‘இருக்கை’யில் பால் மட்டும் இருக்கிறது, இனம் இல்லை. இது கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்விக்குள்ளேயே உள்ள இடைவெளி.

‘மல்வி தமிழ் சினிமாவைப் பற்றிப் பேசவில்லை’ என்பது வேறு ஜாதி வாக்கியம். உங்கள் ஆய்வு தமிழ்ப் படப் பாட்டுகளைப் பற்றியதென்றால் இந்தத் தகவல் முக்கியம். அது போகவேண்டிய இடம் பயன் பற்றிய கடைசி வரி. அதை மதிப்பீட்டில் குறையாக வைத்தால், மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பேருந்து கோவைக்குப் போகவில்லை என்று நடத்துநரோடு சண்டை போடுவது மாதிரி ஆகிவிடும்.

அடுத்தவர் சொன்ன மறுப்பை எடுத்து எழுதுவது பரவாயில்லை, ஆனால் குறைந்தது ஒரு மதிப்பீடாவது சொந்தச் சரக்காக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்கு நல்ல வழி, கட்டுரையாசிரியர் சான்றாகக் காட்டும் படத்தையோ நூலையோ நாமே எடுத்துப் பார்ப்பது. ‘வெர்டிகோ’வை (1958) எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற துப்பறிவாளன் ஸ்காட்டி, நண்பன் மனைவி என்று சொல்லப்பட்ட மேடலைனைப் பின்தொடர்கிறான், காதலிக்கிறான், அவள் மணிக்கூண்டிலிருந்து விழுந்து இறந்ததாக நம்புகிறான். பிறகு அவள் சாயலில் ஜூடி என்ற பெண்ணைக் கண்டு, உடை, தலைமுடி என்று ஒவ்வொன்றாக மாற்றி அவளை மேடலைனாகவே ஆக்குகிறான். படம் பெரும்பாலும் ஸ்காட்டியின் கண் வழியாகவே நகர்கிறது என்பது மல்வியின் கூற்று. ஒளிந்து பார்த்துத் துருவி ஆராயும் ஆண் பார்வைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்தக் கூற்றில் ஒரு விதிவிலக்கையும் அவரே ஒப்புக்கொள்கிறார்: ஜூடியின் நினைவாக வரும் ஒரு பின்னோக்குக் காட்சி தவிர என்று. பாதி வாக்கியம். அதோடு தாண்டிப் போய்விடுகிறார்.

படத்தைப் போட்டுப் பாருங்கள். ஓட்டல் அறையிலிருந்து ஸ்காட்டி வெளியே போகிறான். ஜூடி தனியாக நிற்கிறாள். அவள் முகம் நம் பக்கம் திரும்புகிறது. மணிக்கூண்டின் உச்சியில் உண்மையில் நடந்தது காட்டப்படுகிறது. விழுந்தது உண்மையான மனைவி, தள்ளியவன் கணவன், ஸ்காட்டி காதலித்த மேடலைன் இதே ஜூடி போட்ட வேஷம். பிறகு அவள் ஒரு கடிதம் எழுதி, கிழித்துப் போடுகிறாள். இது படத்தின் கடைசியில் வரவில்லை. இதற்கப்புறமும் கணிசமான படம் பாக்கியிருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து பார்வையாளருக்குத் தெரிந்தது ஸ்காட்டிக்குத் தெரியாது. அவன் அவளுக்குச் சாம்பல் நிற உடை தேடும்போதும், முடியின் நிறத்தை மாற்றச் சொல்லும்போதும், நாம் அவன் கண் வழியாகப் பார்த்துக்கொண்டே அவள் படும் பாட்டையும் உணர்கிறோம். பார்க்கும் கண் அவனுடையதாகவே இருக்கிறது, ஒன்றிப்போகும் மனம் அவளிடம் போய்விடுகிறது. கண்ணும் ஒன்றுதலும் ஒரே ஆணிடம் குவிகின்றன என்பதல்லவா கட்டுரையின் அடிப்படைக் கூற்று? அப்படியானால், பாதி வாக்கியத்தில் கடந்துபோன விதிவிலக்கு, அவர் தேர்ந்தெடுத்த மிகச்சிறந்த சான்றின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. தானியா மாட்லெஸ்கி 1988இல் ஹிட்ச்காக் பற்றி எழுதிய நூலில், அந்தப் படங்களில் ஆண் பார்வை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை என்று விரிவாகவே வாதிட்டிருக்கிறார். அதைப் படித்திராத மாணவர்கூட, படத்தையும் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்த இடத்துக்கு வந்து சேரமுடியும்.

மல்வி பக்கம் நின்றும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஸ்காட்டியின் பார்வையோடு போன பார்வையாளர் கடைசியில் தானும் உடந்தை என்று மாட்டிக்கொள்கிறார், படம் அந்த ஒளிந்து பார்த்தலைத் தானே அம்பலப்படுத்துகிறது என்று அவரும் கவனித்திருக்கிறார். அதை மறைத்துவிட்டு ஜூடியின் காட்சியை மட்டும் தூக்கிக்காட்டினால் அது நேர்மையான மதிப்பீடாகாது. ஆகவே ‘கவனிக்கவில்லை’ என்று எழுதாமல் ‘கவனித்தும் அதன் விளைவைத் தொடரவில்லை’ என்று எழுதவேண்டும். குறிப்புரையில் இப்படி ஒரு வினையை மாற்றுவதற்குச் சில சமயம் படத்தையே மறுபடி பார்க்க நேரும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எழுதினால் பதிவு ஏறக்குறைய இப்படி வரும். ஆய்வுத் தலைப்பு, தமிழ்ப் படங்களில் கதையை நிறுத்தும் பாடல் காட்சிகள் என்று வைத்துக்கொள்வோம்.

மல்வி, லாரா. ‘காட்சி இன்பமும் கதைசொல்லும் சினிமாவும்’. ஸ்கிரீன், தொகுதி 16, இதழ் 3, 1975, பக். 6–18.

ஹாலிவுட் கதைப்படத்தின் வடிவமே ஆணாதிக்கச் சமூகத்தின் நனவிலியால் அமைக்கப்பட்டது என்று மல்வி வாதிடுகிறார். தூர இருந்து பார்க்கும் இன்பம் (ஃபிராய்டு), திரையுருவோடு ஒன்றும் இன்பம் (லக்கான்) ஆகிய இரண்டும் முரண்பட்டவை. அவற்றைப் படம் பெண்ணைப் பார்க்கப்படுபவளாகவும் ஆணைப் பார்ப்பவனாகவும் பிரித்து இணைக்கிறது என்கிறார். பெண்ணுருவம் எழுப்பும் குறியிழப்பு அச்சத்தைப் படங்கள் துருவித் தண்டித்தோ (ஹிட்ச்காக்), வழிபாட்டுப் பொருளாக்கியோ (ஸ்டெர்ன்பர்க்) சமாளிக்கின்றன. கேமராவின் பார்வையையும் பார்வையாளரின் பார்வையையும் மறைக்கும் இந்த மரபை உடைக்கும் மாற்று சினிமாவைக் கோருகிறார். பார்வையைப் பாத்திரப் படைப்பின் சிக்கலாக அல்லாமல் வடிவத்தின் சிக்கலாக மாற்றியது கட்டுரையின் வலிமை. ஆனால் பார்வையும் ஒன்றுதலும் ஒரே ஆணிடம் குவிகின்றன என்ற கூற்றை ‘வெர்டிகோ’வே முழுதாகத் தாங்கவில்லை: ஜூடியின் பின்னோக்குக் காட்சியைக் குறிப்பிட்டும் அதன் விளைவை மல்வி தொடரவில்லை. பார்வையாளர் நிலையில் பால் தவிர இன வேறுபாடு கணக்கில் வரவில்லை என்ற ஹூக்ஸின் மறுப்பும் பொருந்துகிறது. பெண்ணுருவம் கதையை நிறுத்துகிறது, பாடகி பாத்திரம் அந்த நிறுத்தத்தை மறைக்கிறது என்ற பகுதி (மூன்று, அ) இந்த ஆய்வின் தொடக்கப் புள்ளி. நிறுத்தத்தை மறைக்க முயலாத தமிழ்ப் பாடல் காட்சிகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை இரண்டாம் இயல் சோதிக்கிறது.

இதே கட்டுரைக்கு, ஹிட்ச்காக் பற்றி மட்டும் ஆராய்கிறவர் எழுதும் பதிவு வேறு மாதிரி இருக்கும். சுருக்கம் பெரிதாக மாறாது. ஹூக்ஸ் ஒருவேளை வெளியே போவார், ஜூடிக்கு இன்னும் இரண்டு வாக்கியம் கிடைக்கும், பாடகி வரவே மாட்டாள். ஒருவர் எழுதிய பதிவை இன்னொருவர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ள முடியாததற்குத் திருட்டு என்பதைத் தவிர இப்படியும் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது.

பத்தி முடிந்ததும் திரும்பப் போய்ப் பார்க்கவேண்டியது எல்லோரும் அலட்சியமாக முதலில் எழுதிவைத்த அந்த விவர வரியை. மல்வியின் கட்டுரை பல தொகுப்புகளில் மறுபதிப்பாகியிருக்கிறது. 1989இல் வந்த அவருடைய ‘விஷுவல் அண்ட் அதர் பிளஷர்ஸ்’ நூலிலும் இருக்கிறது. அங்கே பக்க எண் வேறு. நீங்கள் படித்தது எந்தப் பதிப்போ அந்தப் பக்க எண்தான் தரவேண்டும், கூடவே முதலில் வந்த ஆண்டையும் தரவேண்டும். கையில் இருந்த நூலைப் பார்த்து 1989 என்று மட்டும் போட்டுவிட்டு, கீழே பத்தியில் ‘தன் கட்டுரைக்கு மல்வி 1981இல் விளக்கம் எழுதினார்’ என்றும் எழுதினால், எழுதாத கட்டுரைக்கு எட்டு வருஷம் முன்னாலேயே பின்யோசனை எழுதியவராக ஆகிவிடுவார் மல்வி.